தவறி வெடித்ததாகச் சொன்ன பிஸ்டல்

எழுபதுகளின் கடைசியில் நான் டெல்லியில் ஒரு தடயவியல் ஆய்வகத்தில் துப்பாக்கிப் பிரிவில் வேலை பார்த்தேன். அந்தப் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் எங்கள் பிளாக்கில் இருந்த தமிழ்க் குடும்பங்களுக்கு நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று என் அப்பா வெகுகாலம் சரியாகச் சொல்லவில்லை. "சயன்ஸ் லேப்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். பௌதிகம் படித்த பெண் துப்பாக்கியைப் பிரித்துப் பூட்டுகிறாள் என்று தெரிந்தால் எவன் கட்டிக்கொள்வான் என்பது அவர் கவலை.

ஒரு நாள் காலை சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் அரக்கு முத்திரை வைத்த துணிப் பொட்டலத்துடன் வந்தார். உள்ளே .32 பிஸ்டல் ஒன்று, ஜெர்மன் தயாரிப்பு, லைசென்ஸ் உள்ளது. கூடவே ஒரு காலித் தோட்டாக் கூடும் நசுங்கிய குண்டு ஒன்றும். தெற்கு டெல்லியில் பெரிய வீடு வைத்திருந்த ஒரு காண்ட்ராக்டருடையது அந்தப் பிஸ்டல். குண்டு அவர் வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த பெண்ணின் வலது தோளில் பாய்ந்திருந்தது. அவள் பிழைத்துவிட்டாள்.

"ஆக்ஸிடெண்ட் கேஸ், மேடம்ஜி. ரொட்டீன்தான்" என்றார் அவர் இந்தியில். பிறகு சிரித்துக்கொண்டே, அந்தப் பெண் உங்கள் ஊர்க்காரி, மதராஸி, நல்ல கதை சொல்கிறாள் என்றார்.

என்ன கதை என்று கேட்டேன். காண்ட்ராக்டர் பிஸ்டலை நீட்டிப் பிடித்திருந்தாராம். அதன் பின்பக்கத்தில் இருந்த சின்ன வளையம் மெதுவாகப் பின்னால் சாய்ந்ததாம். பிறகு வெடித்ததாம். அவர் கட்டைவிரல் அதன் பக்கமே போகவில்லையாம். வளையம் தானாக நடந்து போனது என்கிறாள், பாருங்கள் என்றார்.

நான் சிரிக்கவில்லை. அவர் அதைக் கவனித்து, எனக்குப் பாடம் நடத்துகிறவர் போலத் தன் இடுப்பில் இருந்த ஒன்பது மில்லிமீட்டர் பிஸ்டலை எடுத்தார். தோட்டா அடுக்கிய மேகசினைக் கழற்றி, பிஸ்டலின் மேல்பாகமான ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து, உள்ளே குண்டு இல்லை என்று காட்டினார். காலி மேகசின் ஒன்றைப் பொருத்திக்கொண்டு ஹாமரைக் கீழே இறக்கினார். பிஸ்டலின் பின்புறம் இருக்கும் சின்னச் சுத்தியலைத்தான் ஹாமர் என்கிறோம். அது முன்னால் பாய்ந்து ஊசியைத் தட்டுவதால்தான் தோட்டா வெடிக்கிறது. ஹாமர் இறங்கிய நிலையில் அவர் டிரிகரை அழுத்தினார். ஒன்றும் அசையவில்லை. மறுபடி அழுத்தினார். பிறகு கட்டைவிரலால் ஹாமரைப் பின்னுக்கு இழுத்து நிறுத்திவிட்டு டிரிகரை லேசாகத் தொட்டார். டக்கென்று விழுந்தது.

"தேக்கா, பார்த்தீர்களா? டிரிகர் அழுத்தினால் ஹாமர் முன்னால் வரும். பின்னால் போகாது. ரிவால்வரில் போகும், பிஸ்டலில் போகாது. சினிமாவில் ரிவால்வரைப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறாள்."

அவர் காட்டியது அவருடைய பிஸ்டலைப் பொறுத்தவரை முழு உண்மை. அந்த வகைக்கு சிங்கிள் ஆக்‌ஷன் என்று பெயர். அதில் டிரிகருக்கு ஒரே வேலைதான். ஏற்கெனவே பின்னால் நிற்கிற ஹாமரை விடுவிப்பது. அதைப் பின்னால் கொண்டுபோய் நிறுத்துவது டிரிகரின் வேலை இல்லை. யாராவது கட்டைவிரலால் இழுக்க வேண்டும், அல்லது ஸ்லைடை இழுத்துவிட வேண்டும். எலிப்பொறி மாதிரி. ஸ்பிரிங்கை மடக்கி வைப்பது மனிதன் கை. அதன்பிறகு எலியின் மூக்கு பட்டாலே போதும்.

ஆனால் நான் அந்தப் பொட்டலத்தில் இருந்த பிஸ்டலை எடுத்தேன். காலி என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டேன். ஹாமர் கீழே இறங்கி இருந்தது. அதன் தலையில் சின்ன வளையம். அவர் பார்க்கும்படி பக்கவாட்டில் திருப்பிப் பிடித்து, டிரிகரை மட்டும் இழுத்தேன். கட்டைவிரலை விலக்கி வைத்திருந்தேன். டிரிகர் கனமாக, நீண்ட தூரம் வந்தது. அது வர வர வளையம் மெதுவாகப் பின்னால் சாய்ந்தது. கடைசிக் கட்டத்தில் விடுபட்டு முன்னால் பாய்ந்தது.

இதுதான் டபுள் ஆக்‌ஷன். டிரிகருக்கு இரண்டு வேலை. ஹாமரைப் பின்னுக்குத் தள்ளுவதும் அதுதான், விடுவிப்பதும் அதுதான். உண்டிவில்லில் ரப்பரை இழுக்கிற கையே விடுகிற மாதிரி. இழுக்கிற பலம் முழுவதும் அந்த ஒரு விரலிலிருந்து வர வேண்டும்.

சப்-இன்ஸ்பெக்டர் தன் பிஸ்டலை உறையில் செருகிக்கொண்டார். பிறகு, "இதெல்லாம் எழுத வேண்டாம் மேடம்ஜி. கேட்டதற்கு மட்டும் எழுதுங்கள், போதும்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது அந்த இடத்தில்தான். தெரியாமல் அவளைப் பொய்க்காரி என்றதைப் பொறுத்துக்கொண்டிருப்பேன். தெரிந்த பிறகும் அவள் பொய்க்காரியாகவே இருக்கட்டும் என்றாரே, அதை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

பரிசோதனை செய்தேன். டிரிகரில் கொக்கி மாட்டி அதில் எடைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போவோம். எந்த எடையில் ஹாமர் விழுகிறதோ அதுதான் டிரிகரின் கனம். ஹாமரை முன்கூட்டியே பின்னால் நிறுத்திவிட்டுப் பார்த்தால் ஏறக்குறைய இரண்டு கிலோவில் விழுந்தது. டிரிகர் நகர்ந்த தூரமும் கொஞ்சம்தான். ஹாமர் கீழே இருக்கும்போது பார்த்தால் ஆறு கிலோவைத் தாண்டியும் விழவில்லை. இன்னும் எடை போட வேண்டியிருந்தது.

இன்னொன்றும் பார்த்தேன். காண்ட்ராக்டர் போலீஸில் சொன்னது இது: பிஸ்டலை சேஃப்டி போட்டு மேஜை டிராயரில் வைத்திருந்தேன், துடைக்கலாம் என்று எடுத்தேன், சேஃப்டியைத் தட்டி விலக்கினேன், கை வழுக்கி விரல் டிரிகரில் பட்டுவிட்டது. அந்த ரகப் பிஸ்டலில் சேஃப்டி என்கிற பாதுகாப்புப் பூட்டைப் போட்டாலே ஹாமர் தானாக, வெடிக்காமல், கீழே இறங்கிவிடும். மேலே நிற்கவே நிற்காது. சேஃப்டியை எடுத்த பிறகும் அது கீழேதான் இருக்கும். ஆக அவர் சொன்னதையே வைத்துக்கொண்டாலும், அவர் கையில் இருந்த பிஸ்டலில் ஹாமர் கீழே இருந்தது. அந்த நிலையிலிருந்து வெடிக்க இரண்டே வழி. ஒன்று, கட்டைவிரலால் ஹாமரை வேண்டுமென்றே இழுத்து நிறுத்தியிருக்க வேண்டும். இல்லையென்றால், ஆறு கிலோவுக்கு மேல் பலம் கொடுத்து டிரிகரை முழுத் தூரமும் இழுத்திருக்க வேண்டும். வழுக்கிப் பட்டது என்பதற்கு இரண்டிலும் இடமில்லை.

எங்கள் பிரிவுத் தலைவர் ஓய்வுபெறக் காத்திருந்தவர். நான் எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு, டிரிகரின் கனம் இரண்டு கிலோ என்று ஒரு வரி எழுதினால் போதும் என்றார். இரண்டு கனம் இருக்கிறது சார், முதல் குண்டுக்கு ஒன்று, அடுத்த குண்டுகளுக்கு ஒன்று என்றேன். முதல் குண்டு வெடித்ததும் ஸ்லைடு பின்னால் வந்து ஹாமரைத் தானே நிறுத்திவிடுவதால் இரண்டாவதிலிருந்துதான் அந்த இரண்டு கிலோ. இங்கே வெடித்தது ஒரே குண்டு. அந்த இரண்டு கிலோவுக்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தமே இல்லை என்று சொன்னேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருக்கும் தெரியும். பல வருடங்களாக அதே மேஜையில் அதே வேலையைப் பார்த்தவர்.

"நம்மிடம் கேட்ட கேள்வி, டிரிகரின் கனம் என்ன என்பது. ஒரு கேள்விக்கு ஒரு பதில். நாம் வக்கீல் இல்லை" என்றார்.

பாதி உண்மையை எழுதினால் அது பொய்யை விட மோசம் சார் என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பக்கத்து அறையில் டைப் அடிக்கிற சத்தம் நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அப்படியானால் நீயே கையெழுத்துப் போடு, கோர்ட்டுக்கும் நீயே போ என்றார். என்னைப் பயமுறுத்துவதற்காகச் சொன்னார். நான் அங்கேயே நின்று கையெழுத்துப் போட்டேன்.

கோர்ட்டுக்கு அழைப்பு வர மாதக்கணக்கில் ஆனது. அதற்குள் அந்தப் பெண் சாட்சி சொல்லி முடித்திருந்தாள். அரசு வக்கீல் அதை எனக்கு வராந்தாவில் வைத்துச் சொன்னார். அவளுக்கு இந்தி வேலைக்குப் போதுமான அளவுக்குத்தான் தெரியும். "பர்தன்", "ஜாடு", "ஜல்தி", அதாவது பாத்திரம், துடைப்பம், சீக்கிரம், அவ்வளவுதான். தமிழ் மொழிபெயர்ப்பாளர் அன்று வரவில்லை. தெரிந்த அரைகுறை இந்தியில் அவளைச் சொல்லவைத்திருக்கிறார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் அவளிடம், பிஸ்டலின் பாகங்களின் பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார். தெரியாது என்றிருக்கிறாள். பெயரே தெரியாதவளுக்கு எது எந்தப் பக்கம் அசைந்தது என்று எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறார். பிறகு, ரிவால்வர் தெரிந்த யாரோ சொல்லிக்கொடுத்த பாடம் இது, பிஸ்டலுக்குப் பொருந்தவில்லை என்று நீதிபதியிடம் சொல்லியிருக்கிறார். கோர்ட்டில் சிலர் சிரித்தார்களாம்.

நான் சாட்சி சொல்லப் போன அன்றும் அவள் வந்திருந்தாள். வராந்தாவின் ஓரத்தில் சுவரோடு குந்தி உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். வலது கையை மடியில் ஒரு குழந்தையை வைத்துக்கொள்வது போல வைத்திருந்தாள். என் சேலைக் கட்டைப் பார்த்துத் தமிழ்தான் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், எழுந்திருக்கப் பார்த்தாள். நான் சாட்சி, அவளோடு பேசக் கூடாது. தலையை மட்டும் அசைத்துவிட்டு உள்ளே போனேன். அது எனக்கு எவ்வளவு அநாகரிகமாகப் பட்டதென்றால், கூண்டில் ஏறும்போதே என் காது சூடாக இருந்தது.

எதிர்த்தரப்பு வக்கீல் மிகவும் மரியாதையாகத் தொடங்கினார். இந்தப் பிஸ்டலின் டிரிகர் கனம் இரண்டு கிலோ என்பது உங்கள் பரிசோதனையில் வந்ததுதானே என்றார். ஹாமர் ஏற்கெனவே பின்னால் இருந்தால் மட்டும் என்றேன். ஆமாம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லுங்கள் என்றார். அந்தக் கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் சொன்னால் நான் கோர்ட்டை ஏமாற்றுகிறவள் ஆவேன் என்றேன். அவர் நீதிபதியைப் பார்த்துக் கைகளை விரித்தார்.

நீதிபதி கொஞ்சம் வயதானவர். அதுவரை எழுதிக்கொண்டே இருந்தவர் நிமிர்ந்து, எனக்குத் துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஒன்றும் தெரியாதவனுக்குச் சொல்வது போலச் சொல்லுங்கள் என்றார்.

பிஸ்டலைக் கொண்டுவரச் சொன்னார்கள். மேகசினை எடுத்து, ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து, குண்டு இருக்கும் அறை காலி என்று அவருக்கும் இரண்டு வக்கீல்களுக்கும் காட்டினேன். வெற்றுச் சுவரை நோக்கிப் பிடித்துக்கொண்டேன். முதலில் கட்டைவிரலால் ஹாமரை இழுத்து நிறுத்தினேன். இப்போது டிரிகருக்கு மிச்சம் இருப்பது விடுவிக்கிற வேலை மட்டும்தான் என்று சொல்லி லேசாக அழுத்தினேன். விழுந்தது. அடுத்து மறுபடி ஹாமரை நிறுத்திவிட்டு சேஃப்டியைப் போட்டேன். ஹாமர் தானே கீழே விழுந்தது. பிஸ்டல் டிராயரில் இருந்ததாகச் சொல்லப்படுவது இந்த நிலையில்தான் என்றேன். சேஃப்டியை எடுத்தேன். ஹாமர் கீழேயே இருந்தது. பிறகு டிரிகரை மட்டும் இழுத்தேன். வளையம் மெதுவாகப் பின்னால் போனதை எல்லோரும் பார்த்தார்கள். முழுத் தூரமும் இழுத்த பிறகுதான் விழுந்தது.

"பெண்ணின் விரல், மை லார்ட். மென்மையானது. அதனால்தான் கனமாகத் தெரிகிறது" என்றார் வக்கீல்.

எடையைக் கொக்கியில் மாட்டித்தான் அளந்தேன், என் விரலால் அல்ல என்று சொல்ல வாயெடுத்தேன். நீதிபதி கையை நீட்டினார். மறுபடி ஒருமுறை காலி என்று காட்டிவிட்டுப் பிஸ்டலைக் கொடுத்தேன். அவர் சுவரை நோக்கிப் பிடித்து டிரிகரை இழுத்தார். பாதியில் நின்றுவிட்டது. இன்னும் பலம் கொடுத்து இழுத்தார். வளையம் சாய்ந்தது, விழுந்தது.

"என் விரல் அப்படி மென்மையானதில்லை, வக்கீல் சாப். எனக்கும் பலமாகத்தான் இழுக்க வேண்டியிருக்கிறது" என்றார்.

பிறகு தனக்கு முன்னால் இருந்த காகிதங்களைப் புரட்டி, காயம்பட்ட பெண் இதைத்தானே சொன்னாள் என்று கேட்டார். அரசு வக்கீல் ஆமாம் என்றார். அன்று யாரும் சிரிக்கவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் கதவுக்குப் பக்கத்தில் நின்று தன் தொப்பியின் உட்புறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் சாட்சி முடிந்த பிறகு வெளியே வந்தேன். இனி பேசலாம் என்று அரசு வக்கீலிடம் கேட்டுக்கொண்டு அவளிடம் போனேன். விழுப்புரம் பக்கத்து ஊர். புருஷனோடு கட்டட வேலைக்கு வந்து, பிறகு வீட்டு வேலைக்குப் போனவள். நடந்ததை அவள் வாயால் அப்போதுதான் கேட்டேன். அன்று அவள் பிள்ளைக்குக் காய்ச்சல். மதியம் பாத்திரம் முடித்துவிட்டுக் கிளம்புகிறேன் என்றிருக்கிறாள். சாயங்காலம் விருந்தாளிகள் வருகிறார்கள், போகக் கூடாது என்றிருக்கிறார் அந்த ஆள். போகத்தான் வேண்டும் என்று சொல்லிக் கதவு பக்கம் நடந்தவளைக் கூப்பிட்டிருக்கிறார். திரும்பிப் பார்த்தால் கையில் பிஸ்டல்.

"'அப் ஜா கே திகா'ன்னான்மா. இப்போ போ பாக்கலாம்னு. சிரிச்சிக்கினே சொன்னான். வெளையாடுறான்னுதான் நெனச்சேன். அந்த வளையம் சாயறதப் பாத்ததும்தான் வெளையாட்டு இல்லன்னு தெரிஞ்சிச்சு."

ஒரு பிள்ளையின் காய்ச்சலுக்கும் நாலு விருந்தாளிக்கும் நடுவில் வந்த குண்டு அது. போலீஸ் எழுதியதில் காய்ச்சலும் இல்லை, அந்த வாக்கியமும் இல்லை. "துடைக்கும்போது" என்றுதான் இருந்தது.

உள்ளே என்ன நடந்தது என்று கேட்டாள். எல்லாம் ஆங்கிலத்திலும் இந்தியிலும் நடந்ததால் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் சொன்னேன். துப்பாக்கியில் ரெண்டு தினுசு இருக்கு, ஒரு தினுசுல யாராவது முன்னாடியே இழுத்து வெச்சிருக்கணும், அப்போ விரல் பட்டாலே வெடிச்சிடும், இன்னொரு தினுசுல டிரிகர் இழுக்கறவனே எல்லாத்தையும் இழுக்கணும், அதுக்கு நல்லா பலம் வேணும், நீங்க பாத்தது ரெண்டாவது, நீங்க சொன்னது அப்படியே சரி என்றேன்.

"அப்போ நா சொன்னத நம்பிட்டாங்களா?"

"நம்பிட்டாங்க."

"மொதல்லயே ஏன்மா நம்பல?"

என்ன சொல்ல? உங்களுக்கு ஹாமர் என்ற சொல் தெரியாது, அதனால் என்றா? கண்ணால் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னவள் பொய்க்காரி. நடக்காததை நடந்ததாகச் சொன்னவர் கனவான். அவள் சொல்லை நம்புவதற்கு ஒரு எம்.எஸ்ஸி. படித்தவள் கூண்டில் ஏற வேண்டியிருந்தது. அதற்கும் மேலே ஒரு நீதிபதியின் விரல் வேண்டியிருந்தது.

தீர்ப்பு வந்தது. விபத்து என்பது பொய், பிஸ்டலின் அமைப்பே அதை மறுக்கிறது என்று நீதிபதி எழுதியிருந்தார். ஆனால் கொல்ல வேண்டும் என்ற எண்ணம் நிரூபணம் ஆகவில்லையாம். ஆயுதத்தால் வேண்டுமென்றே கொடுங்காயம் செய்த குற்றத்துக்கு மூன்று வருடம் போட்டார். அப்பீல் என்ற பெயரில் காண்ட்ராக்டர் ஜாமீனில் வந்துவிட்டார். மேல் கோர்ட்டு பல வருடங்கள் கழித்துக் குற்றத்தை உறுதிசெய்து தண்டனையைக் குறைத்தது. அதிலும் ஒரு பகுதியை நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கழித்தார் என்று கேள்விப்பட்டேன்.

அவளுக்குக் கை தோளுக்கு மேலே எழவில்லை. தலையை வாரிக்கொள்ள மகளைக் கூப்பிட வேண்டியிருந்தது. பாத்திரம் தேய்க்கிற வேலை போய்விட்டது. எங்கள் குவார்ட்டர்ஸில் இரண்டு வீடுகளில் அவளுக்குக் குழந்தை பார்த்துக்கொள்கிற வேலை பிடித்துக் கொடுத்தேன். அந்த வருடத்திலிருந்து யாராவது கேட்டால், அப்பா, என் பெண் துப்பாக்கிப் பரிசோதனை செய்கிறாள் என்றே சொல்ல ஆரம்பித்தார்.

ஆய்வகத்தில் அதன்பிறகு இந்த வகைப் பிஸ்டல் வந்தால் இரண்டு கனத்தையும் எழுதுவது வழக்கமானது. ஒரு கூட்டத்தில் எங்கள் பிரிவுத் தலைவர் அதைத் தான் கொண்டுவந்த முறை என்று மேலதிகாரிகளுக்கு விளக்கினார். சிங்கிள் ஆக்‌ஷன் என்றால் என்ன, டபுள் ஆக்‌ஷன் என்றால் என்ன என்று படம் வரைந்து மிக அழகாகச் சொன்னார். ஒரு பிழைகூட இல்லை. நான் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். பக்கத்தில் இருந்த சக ஊழியர், உங்கள் யோசனைதானே இது, எழுந்து சொல்லுங்கள் என்றார். பெயரை அவர் எடுத்துக்கொண்டதற்காக எனக்குக் கோபம் வரவில்லை. அவ்வளவு நன்றாகத் தெரிந்தவர் அன்று இரண்டு கிலோ என்ற ஒரே ஒரு வரியை எழுதச் சொன்னாரே என்றுதான் வந்தது.